‘திருத்திவிட்டு வா’ என்ற அம்புக்குறி எங்கே போகிறது?

பல ஆய்வுத் துறைகளின் அறிவிப்புப் பலகையில் ‘முனைவர் பட்ட நடைமுறை’ என்ற தலைப்பில் ஒரு படம் ஒட்டப்பட்டிருக்கும். மேலே ‘பதிவு’, கீழே ‘பட்டம்’, இடையில் பத்துப் பன்னிரண்டு செவ்வகங்கள், ஒவ்வொன்றையும் அடுத்ததோடு இணைக்கும் ஓர் அம்பு. அதைப் பாய்வுப்படம் என்கிறார்கள். அதில் ஒரு சாய்சதுரம்கூட இருக்காது. மேல்நோக்கித் திரும்பும் அம்பும் இருக்காது. எல்லாம் முதல் முயற்சியிலேயே சரியாக நடந்தால் என்ன ஆகும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. அது பெட்டி போட்ட பட்டியல். ஆய்வாளரின் ஆண்டுகள் கழிவது செவ்வகங்களில் அன்று, அந்தப் படம் வரையாமல் விட்ட திரும்பும் அம்புகளில்.

பாய்வுப்படத்தின் குறியீடுகள் மிகச் சில. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஓரங்கள் வளைந்த பெட்டி, செயலுக்குச் செவ்வகம், தீர்மானத்துக்குச் சாய்சதுரம், போக்குக்கு அம்பு. 1985இல் வெளியான ஐஎஸ்ஓ 5807 தரநிலை இவற்றை வரையறுத்திருக்கிறது. வடிவங்களை நினைவில் வைப்பது எளிது. சாய்சதுரத்துக்குள் எழுதும் கேள்வியை ஒழுங்காகக் கேட்பதுதான் கடினம். அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற விடை இருக்கவேண்டும். விடை சொல்பவர் யார் என்பது தெரியவேண்டும். இரண்டு விடைக்கும் தனித்தனி அம்பு வெளியேற வேண்டும். ‘ஆய்வேடு தரமாக உள்ளதா?’ என்று எழுதுவது முதல் விதியை நிறைவுசெய்கிறது, இரண்டாவதில் தவறிவிடுகிறது. யாருடைய கண்ணுக்குத் தரமாக?

ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்து வரைந்து பார்க்கலாம். ஆய்வேடு தேர்வாளர்களுக்குப் போகுமுன் நடக்கும் ஒப்புமைச் சோதனை அது. எழுத்துத் திருட்டுக்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை நான்கு நிலைகளைச் சொல்கிறது. 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்திய பிரதி தரவேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் திருத்திய பிரதியை ஓராண்டுக்குத் தர முடியாது. 60க்கு மேல் என்றால் பதிவு ரத்து.

தொடக்கப் பெட்டியில் ‘இறுதி வரைவு பெறப்பட்டது’ என்று எழுதலாம். அடுத்த செவ்வகம் உடனே மென்பொருளுக்குப் போகக்கூடாது. முறையாகச் சுட்டிய மேற்கோள்கள், நூற்பட்டியல், பொருளடக்கம், பதினான்கு சொற்கள் வரையிலான தற்செயல் தொடர்கள் முதலியவற்றை ஒழுங்குமுறையே கணக்கிலிருந்து விலக்குகிறது. எனவே விலக்குதல் ஒரு செவ்வகம், சோதித்தல் அடுத்த செவ்வகம். சங்கப் பாடல்களையோ கல்வெட்டு வரிகளையோ தரவாகக் கொண்ட ஆய்வேட்டுக்கு இந்த வரிசை மிக முக்கியம். முதல் செவ்வகத்தை விட்டுவிட்டால் அவருடைய சான்றுகளே அவருக்கு எதிரான எண்ணாக மாறும்.

அதன்பின் மூன்று சாய்சதுரங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். ‘10க்கு மேலா?’ இல்லை என்றால் சான்றிதழ், அங்கிருந்து முதல் முடிவுப் பெட்டி: ‘தேர்வாளருக்கு அனுப்பத் தகுதி’. ஆம் என்றால் ‘40க்கு மேலா?’ இல்லை என்றால் ஆறு மாதத் திருத்தம். ஆம் என்றால் ‘60க்கு மேலா?’ இல்லை என்றால் ஓராண்டுத் தடை. ஆம் என்றால் இரண்டாம் முடிவுப் பெட்டி: ‘பதிவு ரத்து’. ‘மேல்’ என்ற சொல்லை மாற்றாமல் எழுதவேண்டும். ‘40 முதல்’ என்று எழுதிவிட்டால் சரியாக 40 பெற்றவர் ஆறு மாதப் பாதையிலிருந்து ஓராண்டுப் பாதைக்குத் தள்ளப்படுவார்.

வரைந்து முடிந்ததும் விரலை வைத்து நடந்து பார்க்கவேண்டும். 34 விழுக்காட்டோடு வரும் ஒருவரைக் கற்பனை செய்யலாம். முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை; ‘ஆறு மாதத் திருத்தம்’ என்ற செவ்வகத்தில் விரல் நிற்கிறது. அங்கிருந்து அம்பு எங்கே போகிறது? இங்கேதான் படம் வரைந்தவர் முதன்முறையாகப் பேனாவைக் கீழே வைப்பார்.

அந்த அம்பு விலக்குதல் செவ்வகத்துக்கு மேலே திரும்பவேண்டும், அதன்கீழே அன்று. அப்போதுதான் இரண்டாம் சோதனையும் முதல் சோதனையின் அதே அளவுகோலில் நடக்கும். அடுத்து, திரும்பும் வழியில் ஒரு கடிகாரக் கேள்வி வேண்டும்: ‘குறித்த காலத்துக்குள் திருத்திய பிரதி வந்ததா?’ வராவிட்டால் என்ன செய்வது என்பதை அந்தத் தண்டனை வரி சொல்லவில்லை. நிறுவனம் ஒரு விடை எழுதியாக வேண்டும், இல்லையேல் அந்தச் சாய்சதுரத்தின் ஒரு வாசல் சுவரில் முடியும்.

இன்னும் நுட்பமான இடம் ஒன்று உண்டு. மீண்டும் திருட்டு நிகழ்ந்தால், முன்பு செய்ததைவிட ஒரு நிலை கூடுதலான தண்டனை என்று ஒழுங்குமுறை கூறுகிறது. அப்படியானால் இந்த மடக்குக்கு நினைவாற்றல் தேவை. முந்தைய நிலை எது என்பதை ஒரு செவ்வகத்தில் குறித்துவைக்க வேண்டும். நம் ஆய்வாளர் இரண்டாம் முறை 18 விழுக்காட்டோடு வருகிறார் என்று கொள்வோம். எண்ணை மட்டும் பார்த்தால் மறுபடியும் ஆறு மாதம். முந்தைய நிலையைச் சேர்த்துப் பார்த்தால் ஓராண்டுத் தடை. எது சரி? திருத்திய பிரதியில் எஞ்சியிருப்பது பழைய குற்றத்தின் மீதியா, புதிதாகச் செய்த குற்றமா என்பதைப் பொறுத்தது. மொழியியல் மாணவர்களுக்கு ‘மீண்டும்’ என்ற சொல்லின் இந்த இரட்டைத்தன்மை புதிதன்று: செயல் மறுபடி நிகழ்ந்ததையும் அது குறிக்கும், பழைய நிலை திரும்பியதையும் குறிக்கும். உரைநடையில் அந்த ஐயம் ஒளிந்துகொள்ள முடியும். படத்தில் முடியாது, ஏதேனும் ஒரு பெட்டியைத் தொட்டால்தான் அம்பு முடியும்.

மென்பொருள் தருவது ஒப்புமையின் அளவை மட்டுமே. அது திருட்டா என்பதைத் துறை அளவிலும் நிறுவன அளவிலும் அமையும் குழுக்கள் ஆராய்ந்து முடிவு செய்யவேண்டும் என்பதே ஒழுங்குமுறை. ஆகவே ‘எண் எவ்வளவு?’ என்பதும் ‘இது திருட்டா?’ என்பதும் வெவ்வேறு ஆட்கள் விடை சொல்லும் வெவ்வேறு சாய்சதுரங்கள். இரண்டையும் ஒன்றாக்கி வரைந்த படத்தில், குழு கூடாமலே எண் தீர்ப்பெழுதிவிடும். இந்தத் தவறைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: ஒவ்வொரு சாய்சதுரத்தின் அருகிலும் விடை சொல்பவரின் பதவியை எழுதிப் பார்ப்பது. ஒரு கேள்விக்கு இரண்டு பதவிகள் வந்தால் அது ஒரு கேள்வியன்று. எந்தப் பதவியும் வராவிட்டால் அங்கே அதிகாரம் பெயரில்லாமல் இயங்குகிறது.

பெயரில்லாமல் இயங்கும் மிகப் பெரிய மடக்கு இந்தப் பகுதிக்கும் முன்னால் இருக்கிறது. ஆய்வாளர் இயலை எழுதித் தருகிறார், நெறியாளர் படிக்கிறார், ‘திருத்திவிட்டு வா’ என்கிறார். எந்த நிறுவனத்தின் படத்திலும் இந்த அம்பைக் காண்பது அரிது. அதைச் சூழ்ந்திருக்கும் வெளிமடக்குக்கோ தெளிவான கடிகாரம் உண்டு. மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, சேர்ந்த நாளிலிருந்து ஆறு ஆண்டுகள், மறுபதிவால் மேலும் இரண்டு ஆண்டுகள். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உடையோருக்கும் இன்னும் இரண்டு ஆண்டுத் தளர்வு. உள்மடக்கில் கடிகாரமும் இல்லை, எண்ணியும் இல்லை. வெளியேறும் நிபந்தனை இல்லாத உள்மடக்கு எப்போதும் ஒரே இடத்தில்தான் முடியும்: வெளிமடக்கின் காலக்கெடுவில். ஆய்வாளர் தோல்வியடைந்ததாகப் பதிவேடு சொல்லும். அவர் எந்தக் கேள்வியில் தோற்றார் என்பதை அது சொல்லாது.

இந்த மடக்கை வரைய முடியாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் மறுப்பு. ஆய்வு இயந்திரமன்று, சிந்தனை முதிர்ந்ததா என்பதை ஆம், இல்லை என்று அடக்க இயலாது, நல்ல நெறியாளர் நான்காம் வாசிப்பில்தான் ஒரு வாதத்தின் ஓட்டையைக் காண்பார். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் சாய்சதுரம் தரத்தை அளப்பதில்லை. அளப்பவர் யார், அவர் சொன்னபின் தாள் எங்கே போகும் என்பதை மட்டுமே அது காட்டுகிறது. ‘இயல் முதிர்ந்ததா?’ என்பதற்குப் பதில் ‘சென்ற வாசிப்பில் எழுதித் தந்த திருத்தங்கள் செய்யப்பட்டனவா?’ என்று கேட்டால் இருவரும் ஒரே தாளைப் பார்த்து விடை சொல்ல முடியும். நான்காம் வாசிப்பில் புதிய ஓட்டை தெரிந்தால் அதற்கும் வழி உண்டு: மூன்று சுற்றுகளைத் தாண்டிய இயல், நெறியாளரும் ஆய்வாளரும் எழுதிய குறிப்புகளோடு ஆய்வு ஆலோசனைக் குழுவுக்குப் போகட்டும். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வாளர் அந்தக் குழுமுன் வந்து முன்னேற்றத்தைச் சொல்லவேண்டும் என்பது ஏற்கெனவே விதி. புதிய அலுவலகம் எதுவும் தேவையில்லை, ஒரு புதிய அம்பு போதும். மூன்று என்ற எண் புனிதமானதன்று, துறை நான்கு என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணே இல்லாதிருப்பதுதான் பிழை.

இப்படி வரைந்த படம் நெறியாளரையும் காக்கிறது. மூன்று முறை எழுத்தில் சொன்ன திருத்தத்தை ஆய்வாளர் செய்யவில்லை என்றால் அதுவும் பதிவில் நிற்கும். பதிவை ரத்துசெய்யப் பரிந்துரைக்கும்போது குழு குறிப்பிட்ட காரணங்களைத் தரவேண்டும். அந்தக் காரணங்கள் கிடைக்கும் இடம் இந்த மடக்கின் குறிப்புகள்தாம்.

எல்லாவற்றையும் ஒரே தாளில் திணிக்கவேண்டியதில்லை. ஒப்புமைச் சோதனை ஒரு தாள், இயல் திருத்தம் ஒரு தாள், தேர்வாளர் அறிக்கை ஒரு தாள். முதன்மைப் படத்தில் ஒவ்வொன்றும் ஒரு செவ்வகமாக நின்றால் போதும். ஒட்டுமுன் துறையில் மூன்று பேர் பென்சிலோடு உட்காரட்டும். எல்லாம் சரியாக அமைந்த ஒருவர், ஒருமுறை தவறிய ஒருவர், காலக்கெடுவுக்குள் வராத ஒருவர் என மூன்று கற்பனை ஆய்வாளர்களைத் தொடக்கப் பெட்டியிலிருந்து நடத்திப் பார்க்கட்டும். ஒவ்வொரு சாய்சதுரத்திலிருந்தும் பெயரிட்ட இரண்டு அம்புகள் வெளியேறுகின்றனவா, மேலே திரும்பும் ஒவ்வொரு அம்பிலும் எண்ணோ நாளோ ஒன்று மாறுகிறதா, மூவரும் ஏதேனும் ஒரு முடிவுப் பெட்டியை அடைகிறார்களா என்று பார்த்தால் போதும். மூவரில் ஒருவர் நடுவழியில் நின்றுவிட்டால், அதே இடத்தில் உண்மையான ஓர் ஆய்வாளர் இப்போது நின்றுகொண்டிருக்கக்கூடும். அவரிடம் கேட்டுவிட்டு அந்த அம்பை வரையலாம்.