இன்றைய நிஃப்டி பட்டியலோடு 2009-க்குப் போனால்... பேக்டெஸ்ட் லாபம் எங்கிருந்து வருகிறது?

2009 ஜனவரி 1-ம் தேதி, நிஃப்டி 50-ல் உள்ள ஐம்பது பங்குகளிலும் தலா பத்தாயிரம் ரூபாய் போட்டிருந்தால் இன்று எவ்வளவு ஆகியிருக்கும்? கொஞ்சம் பைத்தான் தெரிந்தவர்கள் அரை மணி நேரத்தில் விடை கண்டுபிடித்துவிடுவார்கள். ஐம்பது கம்பெனிகளின் பட்டியலை டவுன்லோட் செய்ய வேண்டும், ஒவ்வொன்றின் பழைய விலையையும் இலவச டேட்டா தளத்திலிருந்து இழுக்க வேண்டும், கூட்ட வேண்டும். வரும் தொகை அசத்தலாக இருக்கும். அந்தத் தொகை தப்பு என்பதுதான் பிரச்னை.

தப்பு கணக்கில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. டவுன்லோட் செய்தது இன்றைய பட்டியல். அதில் ஐஷர் மோட்டார்ஸ், பஜாஜ் ஃபைனான்ஸ், டைட்டன் இருக்கின்றன. ஆனால் ஐஷர் நிஃப்டிக்குள் வந்தது 2016-ல், பஜாஜ் ஃபைனான்ஸ் 2017-ல், டைட்டன் 2018-ல். 2009 ஜனவரியில் நிஃப்டியை வாங்கிய யாருக்கும் இந்த மூன்றும் கிடைத்திருக்காது. அவருக்குக் கிடைத்திருக்கும் ஐம்பதில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ், யூனிடெக், சுஸ்லான், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் இருந்தன. இந்த நான்கில் ஒன்றுகூட இன்றைய பட்டியலில் இல்லை.

இதற்குப் பெயர் சர்வைவர்ஷிப் பயஸ். பிழைத்து நின்றவர்களை மட்டும் எண்ணிவிட்டு, விழுந்தவர்கள் இருந்ததே இல்லை என்பதுபோல் கணக்குப் போடுவது.

விழுந்ததை விடுவதைவிட வளர்ந்ததைச் சேர்ப்பது ஆபத்து

ஒரு சின்ன கற்பனைக் கணக்கு. பத்துப் பங்குகள், ஒவ்வொன்றிலும் ₹10,000, மொத்தம் ஒரு லட்சம். சில ஆண்டுகளில் ஏழு பங்குகள் இரட்டிப்பாகின்றன. ஒன்று அப்படியே நிற்கிறது. இரண்டு 90% விழுந்து தலா ₹1,000 ஆகின்றன. கையில் இருப்பது ₹1,52,000. லாபம் 52%.

இப்போது விழுந்த இரண்டும் டேட்டாவில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பங்குகளில் போட்ட ₹80,000, ₹1,50,000 ஆகியிருக்கிறது. லாபம் 87.5% என்று திரை காட்டும். பொய்தான், ஆனால் சின்னப் பொய்.

பெரிய பொய் அடுத்தது. இண்டெக்ஸிலிருந்து அந்த இரண்டும் வெளியேறியபோது, அந்த இடத்துக்குப் பத்து மடங்கு வளர்ந்த வேறு இரண்டு வந்திருக்கும். இன்றைய பட்டியலை வைத்துச் சோதித்தால், அவை முதல் நாளிலிருந்தே கையில் இருந்ததாகக் கணக்காகும். ஒரு லட்சம் ₹3,50,000 ஆகிவிடும். லாபம் 250%!

நிஃப்டியில் இது ஏன் நிச்சயம் நடக்கும்? ஏனென்றால் அதில் இடம் கிடைப்பதே சந்தை மதிப்பை வைத்துத்தான். ஒரு பங்கு முதலில் வளர்கிறது, பிறகுதான் உள்ளே வருகிறது. ஐஷர் 2009 தொடக்கத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்றது. நிஃப்டிக்குள் நுழையும்போது பதினைந்தாயிரத்தைத் தாண்டியிருந்தது. அந்த ஏற்றம் முழுக்க நிஃப்டிக்கு வெளியே நடந்தது. 2009-ல் இருந்துகொண்டு 2016 பட்டியலைப் பார்த்தவருக்கு மட்டுமே அது கிடைக்கும்.

இந்த இடத்தில்தான் இரண்டாவது பிழையும் தலைகாட்டுகிறது. அன்றைக்குத் தெரிந்திருக்கவே முடியாத தகவலை வைத்து அன்றைய முடிவை எடுப்பது லுக் அஹெட் பயஸ். பரீட்சைக்கு முன்பே வினாத்தாள் கையில் இருப்பது மாதிரி. இரண்டையும் தனித்தனி நோய்களாகப் பாடப்புத்தகங்கள் பிரிக்கின்றன. உண்மையில் சர்வைவர்ஷிப் பயஸும் ஒரு வகை வினாத்தாள் கசிவுதான். 'இன்றைய பட்டியல்' என்பதே 2009-க்கு எதிர்காலத் தகவல்.

சத்யம்: ஒரே கம்பெனி, இரண்டு பிழைகளும்

2009 ஜனவரி 7. சத்யம் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்குகள் பொய் என்று ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். முந்தைய நாள் சுமார் ₹179-ல் முடிந்திருந்த பங்கு, அன்று சுமார் ₹40-ல் முடிந்தது. அதே மாதம் 12-ம் தேதி நிஃப்டியிலிருந்து நீக்கப்பட்டது. 2013-ல் டெக் மஹிந்திராவோடு இணைந்து, தனிப் பங்காக இருப்பதே நின்றுபோனது. `SATYAMCOMP` என்ற குறியீட்டுக்கு இன்று வர்த்தகம் கிடையாது. இன்று வர்த்தகமாகும் பங்குகளை மட்டும் வைத்திருக்கும் டேட்டாவில் அந்த ஒருநாள் சரிவு பதிவாகியே இருக்காது. மேலே சொன்ன ஜனவரி 1 முதலீட்டாளருக்கோ, ஆறே நாளில் அந்த அடி விழுந்திருக்கும்.

இது முதல் பிழை. இரண்டாவது இன்னும் நுணுக்கமானது.

2008 செப்டம்பர் காலாண்டுக்கு சத்யம் வெளியிட்ட இயக்க லாபம் ₹649 கோடி. உண்மையில் ₹61 கோடிதான் என்றது அந்தக் கடிதம். இப்போது லாப விகிதத்தை வைத்துப் பங்கு தேர்ந்தெடுக்கும் ஒரு ஸ்ட்ராட்டஜியை 2008 அக்டோபரில் ஓட்டிப் பார்க்கிறோம். டேட்டாவில் எந்த எண் இருக்க வேண்டும்? நியாயமாகத் தோன்றுவது 61. சரியான விடை 649. ஏனென்றால் அன்று உலகம் பார்த்தது அந்த எண்ணைத்தான். திருத்திய எண்ணைப் போட்டால் நம் ஸ்ட்ராட்டஜி மூன்று மாதம் முன்பே மோசடியைக் 'கண்டுபிடித்து' ஒதுங்கிக்கொள்ளும். நிஜத்தில் அது சத்யத்தை ஆசையாக வாங்கியிருக்கும்.

பேக்டெஸ்ட்டுக்கு வேண்டியது உண்மை அல்ல, அன்று உண்மை என்று நம்பப்பட்டது.

மோசடி எதுவும் இல்லாத கம்பெனியிலும் இதன் சாதுவான வடிவம் உண்டு. டேட்டா தளங்களில் ஆண்டுக் கணக்கு 'மார்ச் 31' என்ற தேதியோடு இருக்கும். ஆனால் செபி விதிப்படி ஆண்டு முடிவுகளை வெளியிட 60 நாள் அவகாசம், மற்ற காலாண்டுகளுக்கு 45 நாள். ஏப்ரல் 1-ம் தேதி அந்த லாபத்தைப் பார்த்து வாங்குவதாக எழுதிய கோடு, மே மாதக் கடைசி வரை வெளிவராமல் இருக்கக்கூடிய எண்ணை வைத்து வியாபாரம் செய்கிறது.

ஒரு வரியில் நுழையும் பிழை

லாபநஷ்டக் கணக்கையே தொடாதவர்களும் தப்புவதில்லை. 20 நாள் சராசரிக்கு மேல் விலை போனால் வாங்கு என்ற எளிய விதியைப் பாருங்கள்.

```python
ret = df["Close"].pct_change()
avg = df["Close"].rolling(20).mean()
sig = (df["Close"] > avg).astype(int)

wrong = (sig * ret).sum()
right = (sig.shift(1) * ret).sum()
```

`wrong` வரியில் என்ன நடக்குது? இன்றைய குளோசிங் விலையைப் பார்த்து 'வாங்கு' என்று முடிவாகிறது. ஆனால் லாபக் கணக்கில் சேர்வது, நேற்றைய குளோசிங்கிலிருந்து இன்றைய குளோசிங் வரையிலான ஏற்றம். அதாவது எந்த ஏற்றத்தைப் பார்த்து வாங்கினோமோ, அதே ஏற்றம் லாபமாகவும் வந்துவிடுகிறது. `shift(1)` சிக்னலை ஒரு நாள் தள்ளிப்போடுகிறது. இன்று பார்த்ததற்கு நாளைய ஏற்ற இறக்கம்தான் பலன்.

அதுவும்கூட இன்றைய குளோசிங் விலையிலேயே வாங்கிவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. என்எஸ்இ-யின் பழைய டேட்டாவில் குளோசிங் விலை என்பது கடைசி அரை மணி நேர வர்த்தகத்தின் எடையிட்ட சராசரி. மணி 3.30 ஆன பிறகுதான் அது தெரியும். தெரிந்த பிறகு அதே விலையில் வாங்க வழியில்லை. மறுநாள் ஓப்பனிங் விலையில் வாங்கியதாகக் கணக்கிடுவதே நேர்மை.

இன்னொரு கசிவு, பலரும் கவனிக்காதது. ஐஷர் 2020-ல் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது. அதற்காகப் பழைய விலைகளையெல்லாம் டேட்டா தளங்கள் பத்தால் வகுத்துக் காட்டுகின்றன. லாப சதவீதம் பார்க்க இது அவசியம். ஆனால் '₹50-க்குக் கீழ் உள்ள பங்குகளை வாங்கு' என்று 2009-க்கு ஒரு வடிகட்டி போட்டால், அன்று சில நூறு ரூபாய்க்கு விற்ற ஐஷர் சில பத்து ரூபாய்ப் பங்காக உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். பங்கைப் பிரிப்பது பெரும்பாலும் விலை ஏறிய கம்பெனிகள் என்பதால், இந்த வடிகட்டி தானாகவே ஜெயித்தவர்களைப் பொறுக்கும். விலை வடிகட்டிக்கு அன்றைய அசல் விலை, லாபத்துக்குத் திருத்திய விலை என இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் செத்தவர்களைத் தேடுங்கள். டேட்டாவில் `SATYAMCOMP` இருக்கிறதா? 2023 ஜூலையில் ஹெச்டிஎஃப்சி வங்கியோடு இணைந்த ஹெச்டிஎஃப்சி லிமிடெட் இருக்கிறதா? பாதியில் நின்றுபோன பங்கு ஒன்றுகூட இல்லை என்றால் அந்த டேட்டா பிழைத்தவர்களின் சங்கம்தான்.

சரிசெய்ய காசு கொடுத்து வாங்குவது மட்டுமே வழியல்ல. என்எஸ்இ தினமும் வெளியிடும் 'பவ் காப்பி' கோப்பில் அன்று வர்த்தகமான எல்லாப் பங்குகளும் இருக்கும். அந்தக் கோப்புக்கு எதிர்காலம் தெரியாது. நிஃப்டியில் யார் உள்ளே, யார் வெளியே என்ற அறிவிப்புகளும் பொதுவில் உள்ளன. இன்றைய பட்டியலிலிருந்து ஒவ்வொரு மாற்றத்தையும் பின்னோக்கி அவிழ்த்தால் 2009 பட்டியல் கிடைத்துவிடும். சலிப்பான வேலைதான். கம்பெனிப் பெயர்களும் நடுவில் மாறும். பஜாஜ் ஃபைனான்ஸே 2010 வரை பஜாஜ் ஆட்டோ ஃபைனான்ஸ்.

காணாமல்போன பங்குக்கு சும்மா பூஜ்யம் போடுவதும் தப்பு. சத்யம் வைத்திருந்தவர்களுக்கு 17 பங்குக்கு 2 டெக் மஹிந்திரா பங்குகள் கிடைத்தன. ஹெச்டிஎஃப்சி லிமிடெட்டில் 25 பங்குக்கு வங்கியின் 42 பங்குகள். காணாமல்போனவை எல்லாம் தோற்றவை அல்ல.

எதிர்காலக் கசிவைப் பிடிக்க ஒரு நல்ல சோதனை உண்டு. டேட்டாவை 2015 டிசம்பரோடு வெட்டிவிட்டு ஸ்ட்ராட்டஜியை ஓட்டி, வந்த சிக்னல்களைச் சேமியுங்கள். பிறகு முழு டேட்டாவோடு ஓட்டுங்கள். 2015 வரையிலான சிக்னல்களில் ஒன்று மாறியிருந்தாலும், கோடு எங்கோ முன்னால் எட்டிப் பார்க்கிறது. ஆனால் இந்தச் சோதனை எல்லாவற்றையும் பிடிக்காது. மேலே உள்ள `wrong` வரி இதில் சுலபமாகப் பாஸாகிவிடும், ஏனென்றால் அங்கே சிக்னல் சரி, லாபத்தைச் சேர்த்த நாள்தான் தப்பு. அதற்கு வேறு சோதனை: வாங்குவதை ஒரு நாள் தள்ளிப்போட்டுப் பாருங்கள். லாபம் கொஞ்சம் குறைந்தால் இயல்பு, மொத்தமாக ஆவியாகிவிட்டால் சந்தேகம்.

டேட்டா தளமே திருத்திவைத்திருக்கும் எண்களை இந்த இரண்டு சோதனைகளாலும் காட்டிக்கொடுக்க முடியாது. அந்த எண் முதன்முதலில் வெளிவந்த அறிக்கையைத் தேடி எடுத்து ஒப்பிடுவதுதான் வழி.

அல்கோ விற்பவர்களின் லாப விளம்பரங்களைப் பற்றி செபி 2022 செப்டம்பரிலேயே கவலைப்பட்டு, அப்படி லாபம் பேசும் தளங்களோடு தரகர்கள் தொடர்பு வைக்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 'பதினைந்து வருட பேக்டெஸ்ட்' ஸ்கிரீன்ஷாட்கள் இன்னும் டெலிகிராமில் சுற்றத்தான் செய்கின்றன. விற்பவரிடம் லாப சதவீதம் கேட்பதற்கு முன் ஒரு கேள்வி போதும்: முதல் நாளில் எந்தெந்தப் பங்குகளிலிருந்து இந்த ஸ்ட்ராட்டஜி தேர்ந்தெடுத்தது, அந்தப் பட்டியல் எந்தத் தேதியில் எடுத்தது? 2009-ல் தொடங்கும் சோதனைக்கு அவர் நீட்டும் பட்டியலில் சத்யம் இல்லாமல் டைட்டன் இருந்தால், மேற்கொண்டு சதவீதத்தைப் பார்க்கத் தேவையில்லை.