மறந்தது ரயிலின் நீளத்தையா?

வங்கித் தேர்வுக்கோ ரயில்வே தேர்வுக்கோ படிக்கும் யாரைக் கேட்டாலும் இரண்டு வரிகளைத் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். கம்பத்தைக் கடந்தால் ரயிலின் நீளம் மட்டும். பிளாட்பாரத்தைக் கடந்தால் ரயிலின் நீளத்தையும் கூட்டு. கோச்சிங் சென்டர் நோட்ஸில் கட்டம் கட்டிப் போட்டிருக்கும். அப்படியிருந்தும் மாதிரித் தேர்வு முடிந்ததும் அதே புலம்பல்: "அய்யோ, ரயில் நீளத்தைக் கூட்ட மறந்துட்டேன்!"

வாத்தியார் "கவனம் பத்தல" என்பார். கேஸ் முடிந்தது. ஆனால் இது கவனக்குறைவே இல்லை. அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் இரண்டாவது வரிதான் குற்றவாளி.

அந்த வரி என்ன சொல்கிறது? பிளாட்பாரம் வந்தால் மட்டும் ரயிலின் நீளம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளும் என்கிறது. உண்மை நேர் எதிர். ரயிலின் நீளம் கம்பத்திலும் இருக்கிறது, பிளாட்பாரத்திலும் இருக்கிறது. கம்பத்துக்குத்தான் நீளம் இல்லை! எனவே கூட்ட வேண்டியது ரயிலின் நீளத்தை அல்ல. ரயிலின் நீளத்தோடு பிளாட்பாரத்தின் நீளத்தை. கூட்டினால் வரும் எண் ஒன்றுதானே என்று கேட்கலாம். எண் ஒன்றுதான், ஆனால் எதிலிருந்து தொடங்குகிறோம் என்பது வேறு. ரயிலில் தொடங்குபவனுக்கு மறக்க எதுவும் இல்லை. பிளாட்பாரத்தில் தொடங்குபவனுக்கு ரயில் ஒரு பின்குறிப்பு. பின்குறிப்பை எல்லோரும்தான் மறப்பார்கள்.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். ரயிலின் நீளம் 240 மீட்டர். வேகம் மணிக்கு 54 கிலோமீட்டர். 5/18 ஆல் பெருக்கினால் நொடிக்கு 15 மீட்டர். பிளாட்பாரம் 360 மீட்டர்.

கம்பத்தைக் கடக்க 240 ஐ 15 ஆல் வகுத்தால் 16 நொடி. பிளாட்பாரத்தைக் கடக்க 600 ஐ 15 ஆல் வகுத்தால் 40 நொடி. "மறந்தவர்" போடும் விடை 24 நொடி. கேள்வி தயாரித்தவருக்கும் இது தெரியும் என்பதால் கொடுத்திருக்கும் விடைகளில் 24 ம் பல்லிளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஐபிபிஎஸ் தேர்வில் ஒரு தவறுக்குக் கால் மதிப்பெண் போய்விடும். விடை கிடைத்துவிட்ட நிம்மதியில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

அந்த 24 வெறும் தப்பு எண்ணும் அல்ல. கேட்கப்படாத வேறொரு கேள்விக்கு அதுவே சரியான விடை. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பயணி பிளாட்பாரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போக ஆகும் நேரம் சரியாக 24 நொடி. அதாவது தவறு செய்தவர் கணக்கைத் தப்பாகப் போடவில்லை. ரயிலைப் புள்ளியாக்கிவிட்டார், அவ்வளவுதான்.

ஏன் ஆக்கினார்? பள்ளியில் தூரம், வேகம், நேரம் படிக்கும்போது சொல்லிக்கொடுத்ததே அதுதான். சென்னையிலிருந்து திருச்சிக்கு ரயில் போகும் கணக்கில் 300 கிலோமீட்டருக்கும் மேலான தூரத்துக்கு முன்னால் 240 மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. அங்கே ரயிலைப் புள்ளியாக நினைப்பது நியாயம். பிளாட்பாரம் கிட்டத்தட்ட ரயிலின் அளவே இருக்கும்போது அந்த நியாயம் செல்லாது. இந்த மாற்றத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. நேராகச் சூத்திரத்துக்குப் போய்விடுகிறார்கள்.

சரி, "எப்போதும் கூட்டு" என்று மனப்பாடம் செய்துவிட்டால் தப்பிக்கலாமா? முடியாது. அதே ரயில், அதே பிளாட்பாரம். "ரயில் முழுவதும் பிளாட்பாரத்துக்குள் இருந்த நேரம் எவ்வளவு?" என்று கேட்டால் கூட்டக் கூடாது, கழிக்க வேண்டும். 360 இல் 240 போக 120 மீட்டர், 8 நொடி. சுரங்கப்பாதைக் கணக்கில் இது அடிக்கடி வரும். சூத்திரக்காரர்கள் இதற்கு மூன்றாவது கட்டம் போடுவார்கள். பயணிக்கு நான்காவது. இப்படிக் கட்டம் கட்டிக்கொண்டே போனால் பரம்பரை வீடு மாதிரி ஆகிவிடும். எந்த அறையில் எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இந்த நான்கு எண்களும் உண்மையில் ஒரே கதை. எஞ்சின் பிளாட்பாரத்தின் முனையைத் தொட்டதிலிருந்து கடைசிப் பெட்டி உள்ளே வர 16 நொடி. பிறகு ரயில் முழுவதும் உள்ளே ஓடுவது 8 நொடி. பிறகு எஞ்சின் வெளியே தலை நீட்டியதிலிருந்து கடைசிப் பெட்டி வெளியேற இன்னொரு 16 நொடி. மொத்தம் 40. இதில் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: கடைசிப் பெட்டி எங்கே?

விடையைச் சரிபார்க்கவும் அதே கேள்வி போதும். 24 ஆவது நொடியில் எஞ்சின் பிளாட்பாரத்தின் மறு முனையில் இருக்கிறது. கடைசிப் பெட்டி அதற்கு 240 மீட்டர் பின்னால், இன்னும் பிளாட்பாரத்துக்குள்தான். கடந்து முடியவில்லை என்று கண்ணுக்கே தெரிகிறதே! பிளாட்பாரம் ரயிலைவிடச் சின்னது என்றால் இன்னும் சுலபம். 120 மீட்டர் பிளாட்பாரத்துக்கு மறதிக்காரரின் விடை 8 நொடி. வெறும் கம்பத்துக்கே 16 நொடி ஆகும் ரயில், பிளாட்பாரத்தை 8 நொடியில் கடந்துவிடுமா என்ன?

"தேர்வில் இதையெல்லாம் யோசிக்க ஏது நேரம்? சூத்திரம்தான் வேகம்" என்பது கோச்சிங் தரப்பு வாதம். நான்கு கட்டங்களில் எது பொருந்தும் என்று தேட ஆகும் நேரத்தை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. கடைசிப் பெட்டியைப் பார்க்க அந்த நேரம்கூட ஆகாது.

இது காகிதத்து விவகாரம் மட்டுமல்ல என்பதற்கு ரயில்வேயே சாட்சி. தண்டவாளத்தில் வேலை நடக்கும் இடத்தில் ரயில் மெதுவாகப் போக வேண்டும். அந்த இடம் 300 மீட்டர், ரயில் 600 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் 300 மீட்டரைத் தாண்டியதும் டிரைவர் வேகம் எடுத்தால் பின்பாதிப் பெட்டிகள் பலவீனமான தண்டவாளத்தின் மேல் வேகமாக ஓடும். எஞ்சின் 900 மீட்டர் போன பிறகுதான் வேகம் எடுக்கலாம். அதனால்தான் அந்த இடம் முடிந்த பிறகு, ஒரு ரயிலின் நீளம் தள்ளி, மஞ்சள் வட்டப் பலகை நட்டிருப்பார்கள். பயணிகள் ரயிலுக்கு T/P, கூட்ஸுக்கு T/G. இரண்டின் நீளமும் வேறு என்பதால் பலகையும் வேறு.

ரயில் ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவரிடம்கூட "மறக்காமல் கூட்டிக்கொள்" என்று சொல்லி ரயில்வே விட்டுவிடவில்லை. கடைசிப் பெட்டி எங்கே தாண்டி முடிக்குமோ, அதைக் கணக்கிட்டுக் கண்ணுக்குத் தெரியும்படி பலகை வைத்துவிட்டது. நோட்ஸ் போடுகிறவர்கள் செய்ய வேண்டியதும் அதுதான். இரண்டு வரியையும் அடித்துவிட்டு ஒரு ரயிலை வரைந்து, அதன் வாலில் ஒரு புள்ளி வைத்தால் போதும்.