கர்ப்பப்பையை எடுப்பது வழியல்ல

1994-இல் மகாராஷ்டிர மாநிலம் ஷிரூரில் இருந்த அரசு இல்லத்தின் அறிவுசார் குறைபாடுடைய பெண்கள் சிலருக்குப் புணே சசூன் மருத்துவமனையில் கர்ப்பப்பை அகற்றப்பட்டது. மாதவிலக்கு நாட்களில் அவர்களால் சுத்தமாக இருக்க முடியவில்லை என்று காரணம் சொன்னார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகே அது நின்றது. இன்றும் வயதுக்கு வந்த மகளுடன் மருத்துவர்முன் உட்காரும் தாய்மார் பலர் கேட்பது அதையேதான்: "எடுத்துடலாமா டாக்டர்?"

ஒற்றை ஆளாய்த் துவைத்து, மாற்றி, அலுத்துப்போனவளின் கேள்வி அது. அவளைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் "எடுத்துடலாம்" என்று மருத்துவர் தலையாட்டக் கூடாது. சம்பந்தப்பட்டவரின் சுதந்திரமான, விவரமறிந்த சம்மதமின்றி மலடாக்கும் சிகிச்சை எதையும் செய்யக் கூடாது என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். "யாராவது கெடுத்துவிட்டால்?" என்ற பயத்துக்கும் இதில் மருந்தில்லை. கர்ப்பப்பை போனால் கர்ப்பம்தான் தங்காது. கெடுப்பவன் கை ஓயாது, அவன் மாட்டாமல் தப்பவும் அதுவே வசதி.

விலக்கைத் தாமே சமாளிக்கப் பழக்கினால் பழகிக்கொள்கிற பெண்கள் நிறைய. பழக்கத்தை முதல் விலக்குக்குச் சில மாதம் முன்பே தொடங்க வேண்டும். உள்ளாடையின் உட்புறம் நாப்கின் அளவுக்கு வண்ண நூலால் கோடு தைத்துவிட்டால் எங்கே ஒட்டுவதென்று அவளுக்கே தெரியும். இரத்தமில்லாத நாட்களில் அரைமணி, ஒருமணி என்று கட்டிவிட்டுப் பழக்கலாம். பிய்த்து எறிந்தால் அடம் என்று அடிக்காதீர்கள். அதன் சரசரப்போ ஓரத்து உறுத்தலோ தாங்காமல் இருக்கும். துணி நாப்கினையோ உறிஞ்சும் உள்ளாடையையோ மாற்றிப் பாருங்கள். நனைந்தது அவளுக்கு உறைக்காவிட்டால் கடிகாரம் பார்த்து, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். சக்கர நாற்காலியிலேயே இருப்பவளுக்கு ஈரம் தங்கினால் தோல் புண்ணாகும். பக்கவாட்டில் வெல்க்ரோ வைத்த உள்ளாடை இருந்தால் தூக்கி நிறுத்தாமலே மாற்றலாம். மாற்றிவிடுபவர் அம்மா, அக்கா, பள்ளி ஆயா என்று அவளுக்குப் பெயர் தெரிந்த இரண்டு மூன்று பெண்களாக மட்டும் இருக்கட்டும். வேறு யாராவது அங்கே கை வைத்தால் கத்தவோ சைகையில் காட்டவோ அதே பாடத்தில் கற்றுக்கொள்வாள்.

பேச்சு வராதவள் மாதத்தில் சில நாட்கள் மட்டும் கையைக் கடித்துக்கொண்டு, சோற்றைத் தள்ளிவிடுகிறாளா? அந்தத் தேதிகளைக் காலண்டரில் குறியுங்கள். விலக்குத் தேதியோடு ஒத்துப்போனால் அது வயிற்றுவலியாக இருக்கலாம். வலிப்பு நோய் இருந்தால் வலிப்பு வந்த நாட்களையும் குறியுங்கள்; விலக்கையொட்டி வலிப்பு கூடுகிறதா என்பதும் அந்தக் குறிப்பிலேயே தெரிந்துவிடும். வலி மாத்திரையா, விலக்கைத் தள்ளிப்போடும் மருந்தா என்று மருத்துவர் முடிவெடுக்க வேண்டியது அந்தக் காலண்டரைப் பார்த்துத்தான்.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. வளரிளம் பெண்களுக்கான தமிழக அரசின் 'புதுயுகம்' திட்டம் இரண்டு மாதத்துக்குக் கொடுப்பது ஆறு நாப்கின் கொண்ட மூன்று பாக்கெட், ஆக 18. நாளுக்கு நான்கு வீதம் ஐந்து நாளுக்கு ஒரே விலக்குக்கு 20 வேண்டும். பாதிகூடத் தேறாத இந்தக் கணக்கை மாற்றுத்திறனாளிப் பெண்களுக்காவது உடனே திருத்துங்கள். சிறப்புப் பள்ளிதோறும் நாப்கின் மாற்றிவிடத் தெரிந்த பெண் உதவியாளர் ஒருவரை நியமியுங்கள். சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறையில் படுக்கவைத்து மாற்ற ஒரு மேடை கட்டித் திரை போடுங்கள்.