நறுக்குகளை எண்ணுவதை நிறுத்த வேண்டும்: பயிற்சி நிருபர் விண்ணப்பக் கடிதம் குறித்த நிலைப்பாடு

திருகோணமலை நகரிலும் சுற்றிலும் முழுநேரமாகவும் பகுதிநேரமாகவும் செய்தி எழுதுகிறவர்கள் லிங்கநகரில் கூடும் சங்கத்தின் நிலைப்பாடு இது. பயிற்சி நிருபர் வேலைக்கு விண்ணப்பிக்கும் தொடர்பாடல் பட்டதாரியிடம் வெளியான நறுக்குகள் எத்தனை என்று கேட்டு, எண்ணிக்கை குறைந்தால் விண்ணப்பத்தை ஒதுக்கிவிடும் வழக்கத்தைச் சங்கம் ஏற்கவில்லை. நறுக்கு இல்லாத இடத்தை ஆர்வம், கனவு, சேவை மனப்பான்மை என்ற சொற்களால் நிரப்பி வரும் கடிதத்தையும் அது ஏற்கவில்லை. விண்ணப்பதாரர் தாமே தேடி, தாமே சரிபார்த்த ஒரு செய்தி கடிதத்தின் தலையில் நிற்க வேண்டும். அது அச்சேறியதா இல்லையா என்பது அதற்கடுத்த கேள்வி.

நறுக்கு எதை நிரூபிக்கிறது என்று பத்திரிகையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளின் உள்ளூர்ச் செய்திகளில் பெரும்பாலும் ஆளின் பெயர் இருப்பதில்லை. அடைப்புக்குறிக்குள் ஊரின் பெயரோடு நிருபர் என்ற சொல் மட்டும் இருக்கும். ஒரே ஊரிலிருந்து இரண்டு பேர் அனுப்பியதை ஆசிரியபீடம் சேர்த்து ஒரே செய்தியாக்குவதும் உண்டு. ஒரு திணைக்களமோ அரசசார்பற்ற நிறுவனமோ அனுப்பிய ஊடக அறிக்கை, முதல் வரி மட்டும் மாறி மூன்று பத்திரிகைகளில் வருவதும் உண்டு. அப்படிப்பட்ட பத்து நறுக்குகளை ஒட்டி அனுப்பும் ஒருவர் கேள்வி கேட்கத் தெரிந்தவரா, எழுதியதைச் சரிபார்ப்பவரா என்பதை அந்த நறுக்குகள் சொல்லமாட்டா.

இதனால் இழப்பது யார் என்பதையும் சங்கம் பார்க்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கிறது. தொடர்பாடல் கற்கைகள் அங்கே பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. படிப்புக் காலத்தில் எழுதும் செய்தி ஒப்படைகளுள் பெரும்பாலானவை விரிவுரையாளரின் மேசையோடு நின்றுவிடும். பத்திரிகைக்கு அனுப்பினாலும் முன்பின் தெரியாத மாணவியின் செய்தியை எடுத்துப் போட ஆசிரியபீடத்துக்கு நேரம் இருக்காது. ஆகவே நறுக்குகளின் எண்ணிக்கையை அளவுகோலாக்கினால், ஆசிரியபீடத்தில் ஏற்கெனவே யாரையாவது தெரிந்தவர்தான் முன்னே வருவார்.

இந்த நகரத்துக்குச் செய்தித் தொழிலில் வேறோர் அளவுகோல் தெரியும். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று படைத்தரப்பிலிருந்து சொல்லப்பட்டது. சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் 'சுடர் ஒளி'யில் வெளியானபோது, உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததை எல்லோரும் கண்டார்கள். சுகிர்தராஜன் பகுதிநேரச் செய்தியாளர். வயிற்றுப்பாட்டுக்குத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அதே மாதம் 24ஆம் திகதி காலை வேலைக்குப் போகும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் அதுவரை எத்தனை செய்திகளில் தம் பெயரைப் பார்த்தார் என்பது இந்த ஊரில் யாருக்கும் நினைவில்லை. சொல்லப்பட்டதற்கும் நடந்ததற்கும் இடையில் அவர் வைத்த ஆதாரம் நினைவிருக்கிறது. பயிற்சிக்கு வருகிறவரிடம் அந்தத் துணிவைக் கேட்பது நியாயமில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் சொல்லப்பட்டதைப் போய்ப் பார்க்கும் பழக்கத்தை, சின்ன விஷயத்தில்கூட, கேட்கலாம்.

அந்தச் சின்ன விஷயம் கடிதத்தில் எப்படி இருக்கும் என்பதற்குச் சங்கம் பயிலரங்குகளுக்காக ஆக்கிய மாதிரிக் கடிதம் ஒன்று உண்டு. விண்ணப்பதாரர் கற்பனை ஆள்: லிங்கநகரில் வசிக்கும் தொடர்பாடல் பட்டதாரி, பெயரோடு வெளியான கட்டுரைகள் இரண்டே இரண்டு. அவரது கடிதத்தின் முதல் வடிவம் "சிறுவயது முதலே ஊடகத்துறையில் தீராத ஆர்வம் கொண்ட நான்" என்று தொடங்குகிறது. அந்த வரியைப் படிக்கும் செய்தி ஆசிரியருக்குத் தொலைபேசியில் கேட்டுச் சரிபார்க்க எதுவும் இல்லை.

இரண்டாவது வடிவத்தின் முதல் பந்தி இப்படிப் போகிறது:

"நவம்பர் மழையில் எங்கள் ஒழுங்கையின் வடிகான் மூன்று முறை வாசற்படிவரை நிரம்பியது. முந்தைய 12 மாதங்களில் அது எந்தத் திகதிகளில் துப்பரவாக்கப்பட்டது என்று உள்ளூராட்சி சபையிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டேன். நான்கு திகதிகள் பதிலாக வந்தன. ஒழுங்கையின் 11 வீடுகளில் விசாரித்தேன். 9 வீட்டார் இரண்டு முறைதான் ஆட்கள் வந்ததாகச் சொன்னார்கள். 'கணக்கில் நான்கு, கண்ணில் இரண்டு' என்று தலைப்பிட்டு எழுதினேன். அனுப்பும் முன் வேலை மேற்பார்வையாளரைச் சந்தித்தபோது, இரண்டு ஒழுங்கைகள் ஒரே பதிவின் கீழ் வருவதாகவும் மற்ற இரண்டு நாள் வேலை அடுத்த ஒழுங்கையில் நடந்ததாகவும் சொன்னார். அங்கே போய்க் கேட்டேன், சரியாக இருந்தது. தலைப்பை அழித்தேன். இரண்டு ஒழுங்கைகளுக்கு ஒரே பதிவு இருப்பதால் எது எப்போது துப்பரவாகிறது என்று குடியிருப்பாளர் அறிய முடியாது என்பதே செய்தியாயிற்று. அது இன்னும் வெளியாகவில்லை, பிரதி இணைக்கப்பட்டுள்ளது."

இந்தப் பந்தியில் சங்கம் அதிகம் மதிப்பது அழிக்கப்பட்ட தலைப்பைத்தான். கையில் நல்ல தலைப்பு இருக்கும்போதே எதிர்த்தரப்பிடம் போய்க் கேட்டிருக்கிறார். கேட்டதை நம்பிவிடாமல் அடுத்த ஒழுங்கைக்கும் நடந்திருக்கிறார். செய்தி சுருங்கியபோது அதைச் சுருங்க விட்டிருக்கிறார். எந்தச் சான்றிதழாலும் இதைக் காட்ட முடியாது. தம் பிழையை விண்ணப்பக் கடிதத்தில் எழுதினால் மதிப்புக் குறையும் என்று பட்டதாரிகள் அஞ்சுகிறார்கள். அச்சாவதற்கு முன் தாமே பிடித்த பிழை, இந்தத் தொழிலில் தகுதிக்குச் சான்று.

பத்திரிகை அடையாள அட்டை இல்லாதவர் இதையெல்லாம் எப்படிச் செய்வார் என்ற கேள்வி எழும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்தக் குடிமகனும் குடிமகளும் பொது அதிகாரசபை ஒன்றிடம் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறார் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கோரிக்கை கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்க வேண்டும். தகவல் அலுவலர் பொதுவாக 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீட்டுக்கு வழி உண்டு. வேலை விளம்பரம் வந்த பிறகு இதைத் தொடங்கினால் விண்ணப்ப முடிவுத் திகதிக்குள் பதில் வராது. ஆகவே இறுதியாண்டிலேயே ஒரு கோரிக்கையைப் போட்டு வைப்பது நல்லது. கேள்வி குறுகியதாக இருக்க வேண்டும். "வடிகால் திட்டங்கள் பற்றிய முழு விபரம்" என்று கேட்டால் இழுபறிதான் மிஞ்சும். ஓர் ஒழுங்கை, 12 மாதம், திகதிகள் என்று கேட்டால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

வெளியானவற்றைப் பற்றிய பந்தி கடிதத்தில் இரண்டாவதாக, சுருக்கமாக வர வேண்டும். அதில் நேர்மை முழுமையாக இருக்க வேண்டும். "என் பெயரில் வெளியானவை இரண்டு. மூன்றாவது, பெயரின்றி வெளியானது. நான் அனுப்பிய மூலப் பிரதியையும் அச்சில் வந்ததையும் இணைத்துள்ளேன். முதல் பந்தியை ஆசிரியபீடம் மாற்றியது." இவ்வளவு போதும். இருவர் சேர்ந்து எழுதியதைத் தனித்து எழுதியதாகக் காட்டுவதும், வளாகத்துக்குள் சுற்றில் விட்ட இதழைப் பத்திரிகை என்று எழுதுவதும், ஊடக அறிக்கையைச் செய்தியாக்கியதைக் களச் செய்தி என்பதும் நேர்முகத் தேர்வின் முதல் ஐந்து நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும். "யாரிடம் கேட்டீர்கள்? என்ன திகதி? குறிப்பேடு இருக்கிறதா?" என்ற மூன்று கேள்விக்கு மேல் தேவைப்படாது. சிங்களம் பற்றியும் இதே நேர்மை வேண்டும். பொலிஸ் நிலையத்தில் கேட்டுப் புரிந்துகொள்ள முடியும், எழுத முடியாது என்றால் அப்படியே எழுதலாம். 'சரளமாக' என்ற சொல்லை நம்பி இரவுப் பணிக்குப் போடப்படும் பயிற்சியாளர் முதல் விபத்துச் செய்தியிலேயே சிக்கிக்கொள்வார்.

ஒரு விஷயத்தில் சங்கம் விட்டுக்கொடுக்காது. தகவல் தந்தவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் விண்ணப்பக் கடிதத்தில் இருக்கக் கூடாது. சரிபார்க்க வசதி என்று எண்ணிப் பட்டதாரிகள் அவற்றை எழுதுவதுண்டு. விண்ணப்பக் கடிதம் எத்தனை மேசை தாண்டிப் போகிறது, எந்தக் கோப்பில் கிடக்கிறது என்று எழுதியவருக்குத் தெரியாது. வடிகான் பற்றிப் பேசிய மேற்பார்வையாளருக்கும் வேலை இருக்கிறது. "பேசியவர்களின் சம்மதம் பெற்று நேர்முகத்தில் குறிப்பேட்டைக் காட்ட முடியும்" என்ற ஒரு வரி எழுதினால் போதும். அந்த வரியே விண்ணப்பதாரர் எப்படிப்பட்ட நிருபராக வருவார் என்று காட்டுகிறது. பெயர்களை முன்கூட்டியே கேட்கும் ஆசிரியபீடத்துக்கு அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்றே சங்கம் தன் பயிலரங்குகளில் சொல்கிறது.

வெளியாகாத செய்தி ஒன்றை வைத்து எல்லாவற்றையும் அளந்துவிட முடியாது என்பதும் உண்மை. வடிகான் செய்திக்கு மாதிரிக் கடிதத்தின் விண்ணப்பதாரருக்கு ஒரு மாதம் கிடைத்தது. பத்திரிகையில் மாலைக்குள் 200 சொற்கள் கேட்பார்கள். அழுத்தத்தில் எழுதும் வேகத்தைக் கடிதம் காட்டாது. ஆகவே பத்திரிகை நிறுவனங்கள் நறுக்கு நிபந்தனைக்குப் பதிலாக அரைநாள் தேர்வு வைக்க வேண்டும் என்று சங்கம் கேட்கிறது: காலையில் ஓர் ஊடக அறிக்கையைக் கொடுத்து, அதில் விடுபட்ட இரண்டு தகவல்களைத் தொலைபேசியில் கேட்டு வாங்கி, ஒரு மணி நேரத்தில் செய்தியாக எழுதச் சொல்வது. கொழும்புக்கு வரச்சொல்லாமல் திருகோணமலையிலேயே அதை நடத்த வேண்டும். இரவு பஸ்ஸில் போய் மறுநாள் திரும்பும் செலவை வேலை இல்லாத பட்டதாரியின் தலையில் போடுவது சரியில்லை. தேர்வுக்காக எழுதப்பட்ட செய்தி மறுநாள் பத்திரிகையில் வந்தால், எழுதியவர் தெரிவாகாவிட்டாலும் பகுதிநேர நிருபருக்குரிய கொடுப்பனவு அவருக்குக் கொடுக்கப்பட வேண்டும். அச்சில் அவருடைய பெயரும் இருக்க வேண்டும்.