வர்த்தமானியில் வந்தால் சட்டமாகிவிடுமா?

“வர்த்தமானி போட்டாச்சாம் டீச்சர். இனி அது சட்டந்தானே?” கொழுந்து மடுவத்தில் ஓர் அம்மா எங்களிடம் கேட்டார். அதே வாரம் வகுப்பில் அவருடைய மகளும் அப்படித்தான் எழுதியிருந்தாள்: ‘வர்த்தமானி, பிறகு சட்டம்.’ அந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை படிகள் இருக்கின்றன என்பது குடியியற் கல்விப் புத்தகத்தில் உண்டு. ஆனால் பந்தி பந்தியாக இருப்பதால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டு, வரிசையை மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே அந்தப் பாடத்தைப் பெட்டிகளாகவும் அம்புக்குறிகளாகவும் கரும்பலகையில் மாற்றினோம். ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும். யார் செய்கிறார்? என்ன செய்கிறார்? அடுத்து எங்கே போகிறது? மூன்றாவது கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடை வந்தால் அம்புக்குறி அந்த இடத்தில் பிரியும்.

அரசாங்கம் கொண்டுவரும் சாதாரண சட்டமூலம் ஒன்று இப்படிப் போகிறது:

1. அமைச்சர் யோசனையைக் கொண்டுவர, அமைச்சரவை அங்கீகரிக்கிறது.
2. சட்டவரைஞர் திணைக்களம் சட்டமூலத்தை எழுதுகிறது. சட்டமா அதிபர் பரிசீலிக்கிறார்.
3. சட்டமூலம் வர்த்தமானியில் வெளியாகிறது.
4. பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்கப்பட்டு, முதலாம் வாசிப்புக்கு வருகிறது.
5. இங்கே அம்புக்குறி பிரிகிறது. குறித்த நாட்களுக்குள் எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். மனுவின் பிரதியைச் சபாநாயகருக்கும் கொடுக்க வேண்டும். யாரும் போகாவிட்டால் சட்டமூலம் நேரே ஆறாம் படிக்குப் போகும்.
6. இரண்டாம் வாசிப்பு விவாதம், குழுநிலைத் திருத்தங்கள், மூன்றாம் வாசிப்பு.
7. சபாநாயகர் சான்றுரை எழுதுகிறார். அப்போதுதான் சட்டமூலம் சட்டமாகிறது.

ஐந்தாம் பெட்டியைத்தான் நாங்கள் சிவப்புச் சோக்கினால் வரைகிறோம். மனுப் போனால், நீதிமன்றத்தின் தீர்மானம் வரும்வரை பாராளுமன்றம் அந்தச் சட்டமூலத்தைத் தொட முடியாது. நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தீர்மானிக்க வேண்டும். சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று சொல்லலாம். 225 பேரில் 150 பேராவது ஆதரிக்க வேண்டும் என்று சொல்லலாம். அதற்கு மேல் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்றும் சொல்லலாம். ஆனால் சபாநாயகர் சான்றுரை எழுதிய பிறகு, அந்தச் சட்டம் செல்லாது என்று எந்த நீதிமன்றத்திலும் கேட்க அரசியலமைப்பு இடம் தரவில்லை. எங்களைப் போன்றவர்களுக்குத் திறக்கும் கதவு ஐந்தாம் படியில்தான் இருக்கிறது. அது சில நாட்களில் மூடிவிடும். “வர்த்தமானி வந்தாச்சு, இனி முடிஞ்சது” என்று நினைப்பவர் அந்தக் கதவைப் பார்க்காமலே போய்விடுவார்.

பிள்ளைகள் இரண்டு இடங்களில் தவறுகிறார்கள். கடைசிப் பெட்டியில் ‘சனாதிபதி கையொப்பம்’ என்று எழுதுவது ஒன்று. சாதாரண சட்டத்துக்குச் சபாநாயகரின் சான்றுரை போதும். சர்வசன வாக்கெடுப்பில் நிறைவேறியதற்குத்தான் சனாதிபதியின் சான்றுரை. மற்றது நாட்கணக்கு. மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையில் குறைந்தது 7 நாள் வேண்டும் என்றது 1978 அரசியலமைப்பு. 2015இல் 19ஆம் திருத்தம் அதை 14 ஆக்கியது. 2020இல் 20ஆம் திருத்தம் மறுபடி 7க்குக் கொண்டுவந்தது. பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதினால் பிழைக்கும். நாட்கணக்கைப் பென்சிலால் எழுதச் சொல்லி, கடைசித் திருத்தம்வரை சேர்த்த அரசியலமைப்போடு ஒப்பிடுகிறோம்.

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். அவர் மனதில் இருந்தது சம்பள வர்த்தமானி. அது வேறு பாதை. சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் கீழ் முதலாளிமார், தொழிலாளர், அரசாங்கம் நியமித்தவர்கள் என மூன்று தரப்பும் இருக்கும் சபை முடிவெடுக்கும். அமைச்சர் அங்கீகரித்த பின் அது வர்த்தமானியில் வரும். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வந்தது அப்படித்தான். அங்கே வர்த்தமானி கடைசிப் படி. சட்டமூலத்துக்கோ அது மூன்றாம் படி. சம்பள முடிவு சான்றுரை பெற்ற சட்டம் அல்ல என்பதால், கம்பனிகள் நீதிமன்றம் போய் அதை எதிர்க்கவும் முடியும், 2021இலும் போனார்கள்.

எனவே ஒரு வர்த்தமானித் தாள் கைக்கு வந்தால் முதலில் தலைப்பைப் பாருங்கள். ‘சட்டமூலம்’ என்றிருந்தால் பயணம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. சட்டமானால் அதற்கு ஆண்டும் இலக்கமும் இருக்கும். இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை தந்தது, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். அதுபோல இலக்கம் இல்லையென்றால், ஐந்தாம் பெட்டியின் கதவு இன்னும் திறந்திருக்கிறதா என்று அன்றே சங்கத்தில் கேளுங்கள்.