மாலைக் கோப்பியும் இரவுத் துயிலும்

எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் முதியவர் ஒருவர், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், சென்ற மாதம் ஒரு தகரப் பேணியுடன் என் வீட்டுக்கு வந்தார்.

“மாஸ்டர், இது மகன் அனுப்பிய கோப்பி. கஃபீன் நீக்கியது என்று மேலே எழுதியிருக்கிறது. இரவு 7 மணிக்கு ஒரு கோப்பைதான் குடிக்கிறேன். 10.30க்குப் படுத்தால் நடுநிசிவரை கண் மூடுவதில்லை. பேணியில் உள்ளது பொய்யோ?” என்றார்.

அவருடைய ஐயம் நம்மிற் பலருக்கும் உரியதாகையால் அதனை இங்கே ஆராய்வோம்.

கஃபீனை நீக்குவது வறுப்பதற்கு முன்னரே செய்யப்படும் வேலை. பச்சைக் கொட்டைகளை நீரிலோ நீராவியிலோ ஊறவைத்து உப்பச் செய்வர். பின்னர், கஃபீனைக் கரைக்கவல்ல ஒரு திரவத்தினால், அல்லது வெறும் நீரினால், அல்லது மிகுந்த அழுத்தத்திலுள்ள கரியமில வாயுவினால் அதனை வெளியே இழுப்பர். ஜேர்மனியின் பிரேமன் நகர வணிகராகிய லூட்விக் ரொசெலியஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தொழிலை வாணிபமாக்கினார். அன்று அவர் கையாண்ட பென்சீன் நஞ்சென்று அறியப்பட்டுக் கைவிடப்பட்டது. எம்முறையாயினும் கஃபீன் முற்றாக நீங்குவதில்லை. கடைசித் துளியையும் எடுக்க முயன்றால், மணமும் சுவையும் அதனுடன் போய்விடும்.

அவ்வாறாயின் எஞ்சுவது எவ்வளவு? ஐரோப்பிய நாடுகள் சிலவற்றின் விதிப்படி, கஃபீன் நீக்கி வறுத்த கோப்பியின் உலர்ந்த எடையில் கஃபீன் 0.1 சதவீதத்தை மீறலாகாது. ஒரு கோப்பைக்கு 10 கிராம் தூள் இடுவோமானால், அதிலுள்ள கஃபீன் அதிகமாகப் போனாலும் 10 மில்லிகிராம். பெரும்பாலும் ஒரு கோப்பையில் 2 முதல் 15 மில்லிகிராம்வரை காணப்படுகிறது; தூளை மிகுத்துக் கடுமையாக வடித்தால் அதுவும் மிகும். சாதாரணக் கோப்பி ஒரு கோப்பையில் ஏறக்குறைய 95 மில்லிகிராமும், சாதாரணத் தேநீரில் 45 மில்லிகிராமும் உண்டு. கஃபீன் நீக்கிய தேநீரில் எஞ்சுவது பெரும்பாலும் 5 மில்லிகிராமுக்கு உட்பட்டதே. பச்சைத் தேயிலையைக் கஃபீன் அற்றதென்று நம்புவோர் உளர், அது தவறு.

இனி, குடித்த கஃபீன் உடலில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைக் காண்போம். வளர்ந்தோரின் உடலில் அது பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரமாகும். சிலருக்கு 3 மணி, சிலருக்கு 7 மணி. கருவுற்ற பெண்களுக்கு இதனிலும் மிக நீளும்.

முதியவரிடம் அன்றாடம் அவர் அருந்துவனவற்றை நேரப்படி எழுதித் தரும்படி கேட்டேன். எழுதி வந்த தாளில் கோப்பிக்கு மேலே வேறிரண்டு வரிகள் இருந்தன. பிற்பகல் 3.30க்கு ஒரு கடும் தேநீர். 5 மணிக்கு இன்னுமொன்று!

கணக்கைப் பார்ப்போம். 3.30க்கு உட்கொண்ட 45 மில்லிகிராமில் 10.30க்கு எஞ்சுவது சுமார் 17. ஐந்து மணித் தேநீரில் எஞ்சுவது சுமார் 21. இரண்டும் சேர்ந்து 38. ஏழு மணிக் கோப்பியில் 5 மில்லிகிராம் இருந்ததெனக் கொண்டால், படுக்கும்போது எஞ்சுவது 3 மாத்திரமே. பழி கோப்பியின்மேல் விழுந்தது, குற்றமோ தேநீருடையது.

படுக்கைக்கு 6 மணி நேரத்துக்கு முன் உட்கொண்ட 400 மில்லிகிராம் கஃபீன்கூட ஒரு மணி நேரத்துக்கு மேலான துயிலைக் குறைத்ததென 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அது பெரிய அளவுதான். ஆயினும் மாலைக் கஃபீன் இரவுவரை தொடர்வதை அது உணர்த்துகிறது. முதியோருக்கும் மென்மையான துயிலுடையோருக்கும் சிறிய அளவே போதுமாதல் கூடும்.

தேநீர் இரண்டையும் நண்பகலுக்கு முன் வைத்துக்கொள்ளும்படி சொன்னேன். இரு வாரங்களின் பின் வந்தவர், “11 மணிக்குள் உறங்கிவிடுகிறேன் மாஸ்டர். ஆனால் 2 மணிக்கு ஒருமுறை எழ வேண்டியிருக்கிறது” என்றார். அது கஃபீனின் வேலையன்று, இரவிற் குடித்த நீரின் வேலை. ஆகவே கோப்பியை 6 மணிக்கு மாற்றி, கோப்பையையும் சிறிதாக்கினோம்.

மாலையில் ஒரு கோப்பை கஃபீன் நீக்கிய கோப்பியோ தேநீரோ பெரும்பாலோர் துயிலைக் கெடுக்காது. ஆயினும் மூன்று நான்கு கோப்பை குடித்தால், எஞ்சியவை கூடி ஒரு தேநீருக்கு நிகராகிவிடலாம். நெஞ்செரிவு உடையோருக்கு வேறொரு எச்சரிக்கையும் உண்டு: கஃபீன் நீங்கினும் கோப்பி இரைப்பையில் அமிலம் சுரக்கத் தூண்டும், எரிவும் துயிலைக் கலைக்கும். சிறிதளவும் கஃபீன் வேண்டாதோர் கொத்தமல்லியை அவித்துக் குடிக்கலாம். அதில் அது அறவே இல்லை. கோப்பித் தூள் கலந்த மல்லிக்கு இது பொருந்தாது.

துயில் வராத வாசகர்கள், இரவுக் கோப்பையை ஐயுறுமுன், நண்பகலிலிருந்து அருந்தியவற்றை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பார்களாக.