ஒடிசா தரும் பாடம்

மின் விநியோகத்தை முதலில் தனியாரிடம் கொடுத்த மாநிலம் ஒடிசா. 1999-இல் நான்கு விநியோக நிறுவனங்களும் கைமாறின. தனியார் வந்தால் திருட்டு குறையும், முதலீடு வரும், கட்டண நிர்ணயத்தில் அரசியல் தலையீடு ஒழியும் என்றார்கள். அரசு நிறுவனங்களின் கடனையும் இழப்பையும் பார்த்தவர்களுக்கு அந்த வாதம் பொய்யாகத் தோன்றாது.

நடந்தது வேறு. அதே ஆண்டு அக்டோபரில் வீசிய பெரும்புயல் கம்பங்களைச் சாய்த்தது. மத்தியப் பகுதியை வாங்கிய அமெரிக்க நிறுவனம் ஏ.இ.எஸ். 2001-இல் வெளியேறியது, விநியோகப் பொறுப்பு மறுபடி அரசின் தலையில் விழுந்தது. மற்ற மூன்று உரிமங்களை ஒழுங்குமுறை ஆணையம் 2015-இல் ரத்து செய்தது. இன்று நான்கையும் நடத்தும் டாடா பவரிடம் 51 விழுக்காடு பங்கு, மீதி அரசிடம்.

மின் விநியோகத்தில் லாபம் நகரத்தில் இருக்கிறது. நீண்ட கம்பியும் குறைந்த வசூலும் கிராமத்தில். அந்தச் செலவை யார் சுமப்பது என்று எழுதாத ஒப்பந்தம், உரிமையாளர் யாராக இருந்தாலும் தோற்கும். மின் விநியோகத்தையோ குடிநீர் விநியோகத்தையோ தனியாரிடம் விற்க நினைக்கும் அரசுகள், ஒப்பந்தப்புள்ளி கோருமுன் உண்மையான இழப்புக் கணக்கை மக்கள் முன் வைக்க வேண்டும்.